ஒரு லாட் ஆப்ஷனுக்குப் பின்னால் நிற்கும் பணம்

ஆப்ஷனின் விலை திரையில் ஓர் அலகுக்குத்தான் காட்டப்படும்; வாங்குவதும் விற்பதும் லாட் கணக்கில்தான் நடக்கும். நிஃப்டி கால் ஆப்ஷன் ஒன்றின் பிரீமியம் 150 ரூபாய் என்று தெரிந்தால், 150 ரூபாயை வைத்துக்கொண்டு அதை வாங்கிவிட முடியாது. தேசியப் பங்குச் சந்தையில் 2026 ஜனவரி ஒப்பந்தங்கள் முதல் நிஃப்டியின் ஒரு லாட் 65 அலகு. எனவே கையிலிருந்து போகும் தொகை 150 × 65, அதாவது 9,750 ரூபாய். பிரீமியம் ஐந்து பைசா நகர்ந்தாலே லாட்டுக்கு 3 ரூபாய் 25 காசு கூடும் அல்லது குறையும்.

ஆனால் அந்த 9,750 ரூபாய், ஒப்பந்தத்தின் அளவைச் சொல்வதில்லை. அதை அறியக் குறியீட்டின் அளவையே லாட்டால் பெருக்க வேண்டும். நிஃப்டி 25,000-இல் இருந்தால் 25,000 × 65 = 16,25,000 ரூபாய். இதுதான் ஒப்பந்த மதிப்பு. பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்தவர், பதினாறு லட்ச ரூபாய்ப் பண்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டிருக்கிறார்.

லாட் அளவு நிரந்தரமான எண் அல்ல. ஒப்பந்த மதிப்பு ஒரு வரம்புக்குள் நிற்கும்படி சந்தை அதை அவ்வப்போது மாற்றும். வரம்பை வகுப்பது செபி. 2015 முதல் குறைந்தபட்ச மதிப்பு ஐந்து லட்சமாக இருந்தது. சிறு முதலீட்டாளர்கள் ஆப்ஷனில் கூட்டமாக இறங்கிய பிறகு, 2024 அக்டோபரில் செபி அதைப் பதினைந்து லட்சமாக உயர்த்தியது. அதன் விளைவாக, அந்த ஆண்டு நவம்பரில் நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனது. பின்னர் 65-க்கு இறங்கியது.

இந்த மாற்றம் ரூபாயில் என்ன செய்கிறது என்பதற்கு 2024 ஜூன் 4 நல்ல சான்று. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அந்த ஒரே நாளில் நிஃப்டி 23,263.90-இலிருந்து 21,884.50-க்கு, 1,379 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அன்றைய லாட் 25. ஒரு லாட்டுக்கு அந்தச் சரிவின் மதிப்பு சுமார் 34,500 ரூபாய். அதே சரிவு இன்றைய 65 லாட்டில் 89,600 ரூபாயைத் தாண்டும். ‘எப்போதும் ஒரே லாட்தான் போடுகிறேன்’ என்று சொல்பவர் தன் ஆபத்தை மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். சந்தை அதை அவருக்காக மாற்றிவிட்டிருக்கும்.

குறியீட்டிலும் பங்கிலும் லாட் அளவே பெருக்கும் எண்ணாக இருப்பதால் குழப்பம் குறைவு. பண்டச் சந்தையில் அப்படி இல்லை. எம்.சி.எக்ஸ். சந்தையின் பெரிய தங்க ஒப்பந்தம் ஒரு கிலோ. விலை சொல்லப்படுவதோ பத்து கிராமுக்கு. ஆகவே அங்கே லாட் ‘ஒன்று’ என்று இருந்தாலும், பெருக்கும் எண் 100. பிரீமியம் 1,000 ரூபாய் என்றால் கட்ட வேண்டியது ஒரு லட்சம். பத்து கிராம் ஒரு லட்ச ரூபாயாக இருக்கும்போது ஒப்பந்த மதிப்பு ஒரு கோடி. விலை எந்த அளவுக்குச் சொல்லப்படுகிறது, ஒப்பந்தம் எந்த அளவுக்கு என்ற இரண்டையும் சந்தையின் ஒப்பந்த விவரத் தாளில் பார்த்த பிறகே பெருக்க வேண்டும்.

இனி, 9,750 ரூபாய் கொடுத்து 25,000 ஸ்ட்ரைக் கால் வாங்கியவரின் நிலை. அவர் அதிகபட்சமாக இழக்கக்கூடியது அந்தத் தொகையும் தரகு, வரிச் செலவுகளும்தான். அதேசமயம், குறியீடு ஒரு புள்ளி நகரும்போதெல்லாம் அவருக்கு 65 ரூபாய் வந்துவிடுவதும் இல்லை. குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் பிரீமியம் எவ்வளவு நகரும் என்பதை டெல்டா சொல்கிறது. ஸ்ட்ரைக்கும் சந்தையும் ஒரே இடத்தில் இருக்கும்போது அது ஏறத்தாழ 0.5. ஆகவே புள்ளிக்கு 32 ரூபாய் 50 காசு. ஒப்பந்த மதிப்பில் பாதியான 8,12,500 ரூபாய்க்கு நிஃப்டியை வைத்திருப்பதற்குச் சமம். இது அந்த நேரத்துக் கணக்கு மட்டுமே. குறியீடு ஏறினால் டெல்டா ஒன்றை நோக்கிப் போகும். இறங்கினால் பூஜ்யத்தை நோக்கிக் கரையும்.

விற்பவரின் கணக்கு வேறு. நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது ஒருவர் 24,500 புட்டை 60 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். அவர் கைக்கு வருவது 60 × 65 = 3,900 ரூபாய். எக்ஸ்பைரி நாளில் நிஃப்டி 24,500-க்கு மேல் முடிந்தால் அது முழுவதும் அவருக்கு. 24,440 வரை இறங்கினாலும் நட்டமில்லை. 24,000-இல் முடிந்தால் 500 × 65 = 32,500 ரூபாய் கொடுக்க வேண்டும்; வாங்கியதைக் கழித்தால் நிகர நட்டம் 28,600. 23,500-இல் முடிந்தால் 61,100. கடைசியில் சொன்ன இறக்கம் ஆறு சதவீதம். அதாவது மேலே கண்ட ஜூன் 4-ஐ ஒத்தது, நடக்காத ஒன்றல்ல. தரகர் இவரிடம் பிடித்து வைக்கும் மார்ஜின் ஒரு லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். அதைப் பார்த்து, ‘இதற்கு மேல் போகாது’ என்று எண்ணுவது தவறு. மார்ஜின் ஒரு பிணைத்தொகைதான், நட்டத்தின் எல்லையல்ல; சந்தை விழ விழக் கூடுதல் பணம் கேட்பார்கள். புட் விற்றவரின் உண்மையான எல்லை, ஸ்ட்ரைக்கை லாட்டால் பெருக்கிய 15,92,500 ரூபாயிலிருந்து பிரீமியத்தைக் கழித்தது. குறியீடு பூஜ்யமாகாது என்பதால் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலை விற்றவருக்கு அந்த எல்லைகூட இல்லை.

ஆர்டர் போடும் இடத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. சில செயலிகள் அளவை அலகில் கேட்கும், சில லாட்டில் கேட்கும். லாட் கட்டத்தில் 65 என்று அடித்தால் 4,225 அலகு ஆகிவிடும். 150 ரூபாய் பிரீமியத்தில் 6,33,750 ரூபாய். பொத்தானை அழுத்துமுன் திரையின் மூலையில் வரும் மொத்தத் தொகை 9,750-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

தனிப் பங்கின் ஆப்ஷனில் முழு ஒப்பந்த மதிப்பும் நேரில் வந்து நிற்கலாம். குறியீட்டு ஆப்ஷன் பணத்தில் தீர்ந்துவிடும். பங்கு ஆப்ஷனில் பங்கே கை மாறும். ரிலையன்ஸ் லாட் 500 பங்கு. 1,400 ஸ்ட்ரைக் காலை 3 ரூபாய்க்கு வாங்கியவர் செலவழித்தது 1,500 ரூபாய். எக்ஸ்பைரி அன்று பங்கு 1,402-இல் முடிகிறது. இரண்டு ரூபாய் லாபத்தில் இருப்பதால் ஒப்பந்தம் தானாகவே நிறைவேறும்: 500 பங்கையும் 1,400 வீதம் எடுத்துக்கொள்ள 7,00,000 ரூபாய் தேவை. பங்குப் பரிவர்த்தனை வரி மட்டும் 0.1 சதவீதம், சுமார் 700 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஆதாயம், 1,500 ரூபாய் பிரீமியம், வரி எல்லாம் கூட்டிக் கழித்தால் நட்டம்; அதன் மேல் ஏழு லட்சமும் புரட்ட வேண்டும். எக்ஸ்பைரிக்கு முந்தைய கடைசி நான்கு நாட்களில் இத்தகைய ஆப்ஷனை வாங்கி வைத்திருப்பவரிடமும் மார்ஜின் கேட்கத் தொடங்குவதே இதற்கான முன்னறிவிப்பு. பங்கு வேண்டாதவர் அதற்குள் ஆப்ஷனை விற்று வெளியேறிவிடுவார். சில தரகர்கள், பணம் இல்லாத கணக்குகளில் இதைத் தாங்களாகவே செய்துவிடுவதும் உண்டு. எந்த விலைக்கு என்பது அப்போது அவர்கள் கையில்.