விண்ணப்பிக்கும் முன் அரைநாள் வந்து பார்க்கலாமா?

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். வெளியிடும் வேலை விளம்பரங்களின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. கூடுதல் விவரம் வேண்டுவோரும் நேரில் வந்து பார்க்க விரும்புவோரும் தொடர்புகொள்ள, அங்கே ஒருவரின் பெயர், பதவி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். பெரும்பாலும் அவர் அந்தப் பிரிவின் மேலாளர். வரும் விண்ணப்பங்களைச் சலித்தெடுத்து நேர்காணலில் உட்காரப் போகிறவரும் அவராகவே இருக்கலாம். அவரிடம் “அரைநாள் உங்கள் பிரிவில் கூடவே நின்று வேலையைப் பார்க்கலாமா?” என்று கேட்பது அங்கே இயல்பான வழக்கம். நம் ஊர்களிலிருந்து போன செவிலியர்கள் பலர், அதைச் சிபாரிசு தேடுவதாக நினைத்துக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர், டயாலிசிஸ் பிரிவுக்கு மாற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் வந்த ஓரிரு நாளிலேயே அவர் எழுதிவிடுவது நல்லது. போதுமான விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டால், கடைசித் தேதிக்கு முன்பே விளம்பரத்தை மூடிவிடுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. கடிதம் ஐந்தாறு வரி போதும்: “நான் பொது மருத்துவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் பிரிவின் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணம். டயாலிசிஸில் எனக்கு அனுபவமில்லை. அதனால் முதலில் வேலையை நேரில் பார்க்க விரும்புகிறேன். காலை அமர்வு முடிந்து அடுத்த அமர்வு தொடங்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓரமாக நின்று பார்க்க முடியுமா? செவ்வாயும் வியாழனும் எனக்கு விடுப்பு. அது சிரமமென்றால், தொலைபேசியில் கால் மணி நேரம் பேசினாலும் உதவியாக இருக்கும்.”

இந்தக் கடிதத்தில் முக்கியமானது நேரத்தைப் பற்றிய வரி. ஒரு டயாலிசிஸ் அமர்வு வழக்கமாக நான்கு மணி நேரம் ஓடும். இயந்திரங்கள் சீராக ஓடிக்கொண்டிருக்கும் நடுப்பொழுதில் போனால், நோயாளிகள் உறங்குவதையும் செவிலியர்கள் அளவுகளைக் குறிப்பதையும்தான் பார்க்க முடியும். முற்பகல் அமர்வு முடியும் வேளையில்தான் வேலையின் உண்மையான முகம் தெரியும். ஒருவருக்கு ஊசியைக் கழற்றி இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர் வந்து எடை பார்த்துக் காத்திருப்பார். இயந்திரத்தைச் சுத்தம் செய்து புதுக் குழாய்களைப் பொருத்த வேண்டும். அந்த நேரத்தில் ஒரு செவிலியர் கையில் எத்தனை நோயாளிகள், புதிதாக வந்தவர் ஊசி போடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார், மதிய உணவுக்கு யாராவது உட்கார்ந்தார்களா என்று கவனித்தால், விளம்பரம் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். வாரம் மூன்று முறை அதே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வருவார்கள் என்பதால், அந்த நெருக்கம் தனக்கு ஒத்துவருமா என்றும் யோசிக்கலாம்.

பார்க்கப் போகிறவர் நோயாளியைத் தொடக்கூடாது, கோப்புகளைப் புரட்டக்கூடாது, பார்த்ததை வெளியே பேசக்கூடாது. அடையாள அட்டையோடு போக வேண்டும். தடுப்பூசி விவரம் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். “கொஞ்சம் கை கொடுங்கள்” என்று வேலையில் இறக்கினால் பணிவாக மறுப்பதே சரி. வெறுமனே பார்ப்பது வேறு, சம்பளமில்லாமல் வேலை செய்வது வேறு.

மறுப்பும் வரலாம். வார்டில் தொற்று பரவியிருக்கலாம், ஆள் குறைவாக இருக்கலாம், எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே வாய்ப்பு தர வேண்டும் என்ற விதி இருக்கலாம். இவை எதுவும் விண்ணப்பத்தைப் பாதிக்காது. ஒரு வாரமாகப் பதிலே வராவிட்டால் ஒருமுறை போன் செய்து பார்க்கலாம். அதற்குமேல் துரத்த வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். என்.எச்.எஸ். இணையதளத்தில் விண்ணப்பங்களைச் சலிக்கும்போது பெயர் உள்ளிட்ட சொந்த விவரங்கள் மறைக்கப்பட்டிருக்கும். மேலாளர் முகத்தைப் பார்த்துவிட்டார் என்பதற்காகப் பட்டியலில் இடம் கிடைக்காது. மதிப்பெண் கிடைப்பது, கேட்கப்பட்ட தகுதிகளுக்கு ஈடாக நாம் எழுதும் விளக்கத்துக்குத்தான். பார்த்த அரைநாளின் பயன் அந்த விளக்கத்தில் வெளிப்பட வேண்டும். “டயாலிசிஸில் ஆர்வம் உண்டு” என்ற வரிக்குப் பதிலாக, “அமர்வு மாறும் நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்த நோயாளியை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தேன், என் வார்டில் இதே சிக்கலை நான் இப்படிக் கையாள்கிறேன்” என்று எழுத முடியும்.

அன்று மாலையே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பிவிட வேண்டும். இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று தெரிந்திருந்தால், விண்ணப்பிக்கவில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். பயிற்சி முடிந்து சில மாதங்களில் ஒருவர் விலகிப் போவதைவிட, இந்தப் பதில் மேலாளருக்கும் செவிலியருக்கும் நல்லது.