இருபது மில்லி ஆம்பியரில் ஒரு திருப்பம்

அவிநாசி சாலை நெடுக உள்ள பொறியியல் கல்லூரிகளில் இந்தச் சோதனையைச் செய்யாத மாணவர் குறைவு. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டையோடு ஒன்றில் மின்னோட்டத்தை மெல்லக் கூட்டி, வரும் ஒளியை அளந்து வரைபடம் போடுவார்கள். 10, 15 மில்லி ஆம்பியர் வரை மங்கிய சிவப்புதான். 20 தாண்டியதும் கோடு சட்டென்று நிமிர்கிறது. அதன்பின் ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் ஏறக்குறைய அரை மில்லி வாட் ஒளி. இந்தத் திருப்புமுனைதான் தொடக்க மின்னோட்டம்.

அதுவரை உள்ளே நடப்பது என்ன? சாதாரண நிலையில் குறைகடத்தி தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும். மின்னோட்டம் மேல் பட்டையில் எலக்ட்ரான்களையும் கீழ்ப் பட்டையில் துளைகளையும் நிரப்ப நிரப்ப, விழுங்குவதும் பெருக்குவதும் ஒரு கட்டத்தில் சமமாகின்றன. அதைத் தாண்டினால் பெருக்கமே ஓங்கும். இதுவே தொகை தலைகீழாக்கம்.

ஆனால் அது மட்டும் போதாது. கேலியம் ஆர்செனைடு போன்ற படிகத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. வெறுமனே பிளந்த முனையே கண்ணாடியாகி 31 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தனியாக ஆடி எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்த தந்திரம் இதுதான். மீதி 69 சதவீதம் வெளியே போய்விடுகிறது. உள்ளே உறிஞ்சப்படுவதையும் சேர்த்தால், 0.3 மில்லிமீட்டர் நீளக் குழிவை ஒருமுறை கடப்பதற்குள் ஒளி நாலு மடங்குக்கு மேல் பெருகியாக வேண்டும். கடக்க ஆகும் நேரமோ வினாடியின் லட்சம் கோடியில் மூன்றரைப் பங்கு! அந்தப் பெருக்கம் கிடைக்கும் மின்னோட்டத்தில்தான் இழப்பு முழுதும் ஈடாகிறது, லேசர் பிறக்கிறது.

அதற்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் உள்ளே எலக்ட்ரான் அடர்த்தி கூடுவதில்லை. கூடுதலாக வரும் எலக்ட்ரானை அங்கே சுற்றும் ஒளி உடனே தூண்டி, தன்னைப் போன்ற இன்னொரு ஃபோட்டானாக மாற்றிவிடுகிறது. கோடு செங்குத்தாக ஏறுவது அதனால்தான்.

சிக்கல் வெயிலில். தொடக்க மின்னோட்டம் வெப்பத்தோடு exp(T/T₀) என்ற விகிதத்தில் ஏறும். சிவப்பு டையோடுக்கு T₀ 80 கெல்வின் என்று வைப்போம். 25 டிகிரியில் 20 மில்லி ஆம்பியராக இருந்தது, சித்திரை மாத அவிநாசியின் 40 டிகிரியில் 24 ஆகிவிடும். 30 மில்லி ஆம்பியரை மாற்றாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் 5 மில்லி வாட் வந்த இடத்தில் 3 தான் வரும். அதனால்தான் டையோடின் பின்முனையில் ஓர் ஒளி உணரி. கசியும் ஒளியை அது அளந்து சொல்ல, சுற்று மின்னோட்டத்தைச் சரிக்கட்டுகிறது.

இந்தச் சரிக்கட்டலிலும் ஆபத்து உண்டு. வெப்பம் ஏறினால் மின்னோட்டம் ஏறும். அது மேலும் வெப்பம் தரும். உச்சவரம்பு வைக்காத சுற்றில் டையோடு எளிதில் போய்விடும். கையிலிருந்து பாயும் நிலைமின்சாரமும் முனைகளைச் சிதைக்கும். அப்படி அடிபட்ட டையோடு பெரும்பாலும் அணைந்துவிடாது. சிவப்பாக ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். வரைபடத்தில் மட்டும் திருப்பம் வராது: விலைகூடிய எல்.இ.டி.