பழைய பைக்கில் புது மோட்டார்: கிட் மாட்டுவதா, புதிய வண்டி வாங்குவதா?

ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் வைத்திருப்பவர்களுக்கு இப்போது சமூக வலைதளங்களில் அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. என்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் மாட்டினால் போதும், பெட்ரோல் செலவே இல்லை என்கிறது அது. இருபதாயிரத்துக்கும் கிட் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கும் கிடைக்கிறது. இவ்வளவு விலை வித்தியாசம் வருவதற்கு முக்கியக் காரணம் இரண்டு: பேட்டரி, சட்ட அனுமதி.

சட்டத்தை முதலில் பார்ப்போம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆனால் பேட்டரி, கேஸ் போன்ற வேறு எரிசக்திக்கு மாற்றும் கிட்டுகளுக்கு, நிபந்தனைகளோடு அதே பிரிவு வழிவிடுகிறது. ஆகவே பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றுவதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. அனுமதி பெறாத கிட்டை மாட்டுவதுதான் குற்றம். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

முழு மின்சார கிட்டுகளுக்கான தரவிதியின் பெயர் ஏ.ஐ.எஸ். 123, பகுதி 3. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகாட், நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற பரிசோதனைக் கூடங்களில் கிட்டைச் சோதித்து வகை ஒப்புதல் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒப்புதல் கிட்டுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. எந்தக் கம்பெனியின் எந்த மாடலில் பொருத்துவதற்கு என்று குறிப்பிட்டே தரப்படுகிறது. ஸ்ப்ளெண்டருக்கு ஒப்புதல் பெற்ற கிட்டை உங்கள் பேஷனில் மாட்டினால் அந்தச் சான்றிதழால் பயனில்லை. கடைக்காரர் சான்றிதழைக் காட்டினால் அதில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிட் தயாரித்தவர் அங்கீகரித்த பட்டறையில்தான் மாட்ட வேண்டும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்றி, பச்சை நம்பர் பிளேட் மாட்ட வேண்டும். வண்டிக்கு ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் தேவை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆவணத்தில் பெட்ரோல், ரோட்டில் பேட்டரி என்று ஓடும் வண்டிக்கு விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

“250 வாட் மோட்டார்தான், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஆர்.டி.ஓ. அனுமதியே வேண்டாம்” என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை, தொடக்கத்திலிருந்தே அப்படித் தயாரித்து ஒப்புதல் பெற்ற சிறு மின்வண்டிகளுக்கானது. ஏற்கெனவே பெட்ரோல் வண்டியாகப் பதிவான பைக்குக்கு அது பொருந்தாது.

இனி செலவு. மகாராஷ்டிரத்தின் கோகோஏ1 நிறுவனம் 2021-இல் ஸ்ப்ளெண்டருக்கான கிட்டை அறிவித்தபோது விலை 35,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 6,300 ரூபாய். செய்திகளில் பெரிதாக வந்தது இந்த எண்தான். பேட்டரி அதில் சேரவில்லை. பேட்டரியும் சேர்ந்தால் ஏறத்தாழ 95,000 ரூபாய் ஆகும் என்பது பலர் கண்ணில் படவே இல்லை. வரியிலும் ஒரு அநியாயம் இருக்கிறது. புதிய மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அந்தக் கிட்டுக்கு விதித்ததோ 18 சதவீதம். 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியமும் புதிய வண்டிக்குத்தான். பழைய இரும்பை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துபவருக்கு அரசு இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஒருவர் பத்து வருடப் பழைய ஸ்ப்ளெண்டரில் வருடம் 9,000 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 101 ரூபாய் விற்றால் வருடத்துக்குச் சுமார் 18,000 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சாரம், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 4 யூனிட் பிடிக்கும். யூனிட் 7 ரூபாய் என்றால் 2,500 ரூபாய்தான். ஆயில் மாற்றும் செலவும் மிச்சமாவதால் வருடத்துக்கு 17,000 ரூபாய் மிஞ்சும். கிட், பேட்டரி, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் என்றால் போட்ட பணம் திரும்பக் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். அதற்குள் பேட்டரியின் வாரண்டி முடிந்திருக்கலாம். வண்டிக்கும் பதினாறு வயதாகி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய பதினைந்தாவது வருடம் கடந்திருக்கும்.

அதே மனிதர் பழைய வண்டியை 30,000 ரூபாய்க்கு விற்று, ரோட்டுக்கு வரும்போது 1,10,000 ரூபாய் ஆகும் ஒரு புதிய மின் ஸ்கூட்டரை வாங்கினால், கையிலிருந்து போவது 80,000 ரூபாய்தான். ஐந்து வருடத்துக்குள் அது திரும்பிவிடும். கூடவே புதிய பிரேக், புதிய ஃபோர்க், கம்பெனி வாரண்டி, சர்வீஸ் சென்டர் எல்லாம் கிடைக்கும். கிட் மாட்டுபவர் கணக்கில் விட்டுவிடுவது இந்த 30,000 ரூபாயைத்தான். பழைய வண்டி இலவசமாக வந்த பொருள்போலத் தோன்றுகிறது. ஆனால் அதை விற்காமல் வைத்துக்கொள்வதும் செலவுதான்.

ஓடும் தூரத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 2.8 யூனிட் பேட்டரியில் 150 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் சொன்னால், கிலோமீட்டருக்கு 19 வாட் மணிகூடச் செலவாகாது என்று அர்த்தம். ஊருக்குள் நின்று நின்று, பின்னால் ஆள் ஏற்றி ஓட்டும் பைக்குக்கு 35 வரை ஆகும். அப்படிப் பார்த்தால் 80 கிலோமீட்டரை நம்பலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பட்டறை வேலையில் எங்கே பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிட்டுகளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. சக்கரம் முன்னால் சுழல, அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். பெட்ரோல் பைக்கின் ஸ்விங் ஆர்ம் அந்த விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அச்சைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தகடு இல்லாமலோ, தளர்வாகவோ மாட்டினால், அச்சு திரும்பி மோட்டாருக்குப் போகும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். வண்டியை எடுக்கும்போது பின்சக்கரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் ஓட்டுவதை நிறுத்தி அச்சு நட்டைப் பாருங்கள். ஸ்கூட்டரில் சிக்கல் இன்னும் பெரிது. ஆக்டிவாவில் பின்சக்கரத்தைத் தாங்கி நிற்பதே என்ஜின் கூடுதான். அதைக் கழற்றினால் அந்த இடத்துக்கு ஒரு புதிய ஸ்விங் ஆர்மையே செய்து மாட்ட வேண்டும். அந்த வெல்டிங்கை உள்ளூர்ப் பட்டறையை நம்பி விடக் கூடாது.

பேட்டரிக்கென ஏ.ஐ.எஸ். 156 என்று தனி விதி உண்டு. 2022-இல் மின்வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு அதைக் கடுமையாக்கினார்கள். பெயர் இல்லாத, பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவு பேட்டரியை வாங்கி வீட்டுக்குள் இரவு முழுக்கச் சார்ஜில் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கிட் யாருக்கு? மாத வாடகைக்குப் பேட்டரி கிடைக்கும் ஊரில், ஒரே மாடல் வண்டிகளைப் பத்து இருபது வைத்து டெலிவரி நடத்துபவருக்குக் கணக்கு மாறலாம். தினமும் 80, 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மிச்சம் வேகமாகச் சேரும். பேட்டரிக்கு மொத்தமாகப் பணம் போடவும் வேண்டாம். அப்பா ஓட்டிய பைக், விற்க மனமில்லை என்பவரும் ஒப்புதல் பெற்ற கிட்டை மாட்டிக்கொள்ளலாம். அதைச் சிக்கனம் என்று நினைத்துச் செய்ய வேண்டாம், அவ்வளவுதான். மற்றவர்கள், வண்டி நன்றாக ஓடினால் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். என்ஜின் புகை தள்ள ஆரம்பித்தால் பத்தாயிரம் ரூபாய் அளவில் ரீபோர் வேலை முடியும். மாற வேண்டும் என்றே முடிவு செய்தால், பழையதை விற்று வரும் பணத்தைப் புதிய மின்வண்டியில் போடுங்கள். விற்கும்போது ஆர்.சி. பெயர் மாறியதை ஆன்லைனில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.