பாப்பாவுக்கு ஒரு மாதம்: படத்துக்கு முன் ஒரு பிராம்ப்ட்

என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து 30-ஆம் நாள். ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் வீட்டிலேயே படம் எடுப்பதாக முடிவு. எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள, படம் வரையும் ஏஐ செயலியில் அவள் ஒரு வரி தட்டினாள்: ‘ஒரு மாதக் குழந்தை, மென்மையான போர்வை, அழகான பொருட்கள், இதமான வெளிச்சம்.’

படம் வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு மாதக் குழந்தை இல்லை. கூடைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொக்கை வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் முத்துமாலை, போர்வையை ஒட்டி எரியும் மெழுகுவத்தி. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவே ஏறக்குறைய 6 வாரம் ஆகும். கழுத்து நிற்க 3, 4 மாதம், துணையில்லாமல் உட்கார 6 மாதம். அந்தப் படத்தைப் பார்த்து நாமும் அப்படியே எடுக்கலாமென்று கிளம்பினால், தலை நிற்காத பிள்ளையைக் கூடையில் சாய்த்து வைப்போம். என் பயம் அதுதான்.

நமக்கு வேண்டியது மாதிரிப் படம் மட்டுமே என்பதால் பாப்பாவின் நிஜப் படத்தைச் செயலிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பெயரும் பிறந்த தேதியும்கூட வேண்டாம். ‘அழகான’ என்பதை அடித்துவிட்டு, அறையில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் இருவருமாக எழுதினோம்:

```
பிறந்து 30 நாள் ஆன மாநிறத் தமிழ்க் குழந்தை,
மல்லாந்து படுத்துத் தூங்குகிறது. கண் மூடியிருக்கிறது,
விரல்கள் மடங்கியிருக்கின்றன, தோல் இயல்பாக இருக்கிறது.
தரையில் மெத்தை, அதன்மேல் சுருக்கமின்றி விரித்த
சந்தன நிறப் பருத்தித் துணி. இன்னொரு துணி
இடுப்பு வரை மட்டும்; முகமும் கழுத்தும் வெளியே.
ஒரு முழம் தள்ளி, ‘1’ என்று எழுதிய மர வில்லை.
தலைமாட்டில் இடப்புறம் ஜன்னல், வெள்ளைத் திரை வழியே
காலை வெளிச்சம். வலப்புறம் வெள்ளை விரிப்பு.
பக்கவாட்டிலிருந்து எடுத்த படம்.
```

‘மெழுகுவத்தி வேண்டாம், மாலை வேண்டாம்’ என்று எழுதத்தான் முதலில் கை போனது. இந்தச் செயலிகளில் பல, ‘வேண்டாம்’ என்பதை விட்டுவிட்டு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இருக்க வேண்டியதை மட்டும் சொல்வதே நல்லது. மர வில்லை ஒரு முழம் தள்ளி இருப்பது அழகுக்காக இல்லை. கை உதறினாலும் முகத்தில் விழாது. துணி இடுப்போடு நிற்பதும் அப்படித்தான்: உதைத்தால் மூக்கை மூடாது. இணையத்தில் காணும் ‘தவளைப் படம்’, அதாவது கன்னத்தைக் கைகளில் தாங்கிக் குழந்தை தூங்குவது, பெரும்பாலும் இரண்டு படங்களின் ஒட்டு. ஒன்றில் பெரியவர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதில் மணிக்கட்டை. பிறகு பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். வீட்டில் முயலக் கூடாதது அது.

வெளிச்சம்தான் அதிகம் படுத்தியது. முதலில் ‘இதமான மஞ்சள் வெளிச்சம்’ என்று எழுதியிருந்தோம். குழந்தை ஆரஞ்சுப் பழ நிறத்தில் வந்தது. மஞ்சள் காமாலை வந்து தெளிந்த பிள்ளை. அக்காவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நிறத்தைச் சொல்லாமல், வெளிச்சம் எங்கிருந்து எதன் வழியே வருகிறது என்று சொன்னதும் சரியாகிவிட்டது. திரை வெளிச்சத்தைப் பரப்பி நிழலின் விளிம்பைக் கரைக்கிறது. எதிர்ப்புற வெள்ளை விரிப்பு, இருண்ட கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஜன்னல் தலைமாட்டில் இருந்தால் மூக்கின் நிழல் வாய்ப்பக்கம் விழும். கால்மாட்டில் இருந்தால் நிழல் நெற்றிக்கு ஏறி, மோவாய்க்குக் கீழே டார்ச் அடித்த முகம் மாதிரி ஆகிவிடும். மாதிரிப் படம் வந்ததும் முதலில் மூக்கு நிழலைப் பாருங்கள், பிறகு விரல்களை எண்ணுங்கள்.

மறுநாள் காலை, பால் குடித்துத் தூங்கிய பிறகு, அந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிஜப் படம் எடுத்தோம். டியூப் லைட்டை அணைத்தோம். அது ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் ஒரு கன்னம் நீலம் பாயும். பஞ்சு போன்ற புதுப் போர்வை வாங்கி வைத்திருந்தார்கள். முடி உதிர்ந்ததால் அதை மடித்து வைத்துவிட்டு, பாட்டியின் பழைய நூல் புடவையை விரித்தோம். போன் கை நழுவினாலும் பிள்ளைமேல் விழக் கூடாதென்று நேர் மேலிருந்து எடுக்கவில்லை. அக்கா ஒரு கையைத் துணியின் ஓரத்திலேயே வைத்திருந்தாள்.

நாலாவது படத்தில் பாப்பா கொட்டாவி விட்டாள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு அதில் நீளமாக இழுபட்டிருக்கிறது. சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.