"தண்ணி மட்டும் நல்லா குடிக்குது டாக்டர்"

"ரெண்டு நாளா சரியா சாப்பிட மாட்டேங்குது டாக்டர். பசிக்கு டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்க." நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இதை மட்டும் வைத்து டானிக் எழுதுவது ஆபத்து.

சாப்பாட்டுத் தட்டின் பக்கமே நாய் போகவில்லையா, ஆசையாக ஓடிவந்து வாயில் கவ்விக் கீழே போடுகிறதா? இதுதான் முதலில் தெரிய வேண்டும். கீழே போடுகிறது என்றால் பசி இருக்கிறது, கோளாறு வாயில். கடைவாய்ப்பல் உடைந்திருக்கலாம், எலும்புத்துண்டு மேல்வாயில் குறுக்கே மாட்டியிருக்கலாம். அதற்கு டானிக் என்ன செய்யும்?

பசியே இல்லாத நாய்க்கு வருவோம். ஏழு வயது பெண் லாப்ரடார், கருத்தடை செய்யாதது, எடை 28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கறிசோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஒருமுறை வாந்தி எடுத்தது. "தண்ணி மட்டும் நல்லா குடிக்குது டாக்டர்" என்று வீட்டம்மா ஆறுதலாகச் சொல்கிறார். என்னைக் கேட்டால், அவர் சொன்னதிலேயே கவலைப்பட வேண்டியது அந்த ஒன்றுதான். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது இந்த நாய் ஒரு நாளில் 2.8 லிட்டருக்கு மேல் குடித்தால் அது அளவுக்கு மீறியது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் நாய் இப்படிச் சோர்ந்து கிடக்கும்போது அளப்பதற்காக ஒரு நாள் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரின் அடுத்த கேள்வி: "கடைசியா எப்பம்மா ஹீட்டுக்கு வந்துச்சு?" ஒன்றரை மாதம் இருக்கும் என்கிறார். இங்கேதான் கருப்பையில் சீழ் பிடித்திருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கிறது. ஹீட் முடிந்தபின், சினை பிடிக்காவிட்டாலும், புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் சுமார் இரண்டு மாதம் மிகுந்தே இருக்கும். அதனால் கருப்பையின் உட்சுவர் தடித்து, உள்ளே புகுந்த கிருமிகள் பெருகத் தோதாகிறது. கிருமிகளின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் சிறுநீர் நீர்த்துப்போய் நிறைய வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் நாய் அவ்வளவு தண்ணீர் குடிக்கிறது.

கருப்பை வாய் திறந்திருந்தால் பின்புறம் சீழ் கசியும், நாய் அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்து அதில்தான் கூடுதல், ஏனென்றால் சீழ் உள்ளேயே தேங்கிக் கருப்பை கிழியக்கூடும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். உறுதியானால் கருப்பையை அறுவை செய்து எடுப்பதே நம்பகமான வழி.

உடம்பு சுடுகிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அவை நஞ்சாகக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றாக ஓடியாடும் வளர்ந்த நாய் ஒருவேளை சாப்பாட்டைத் தவிர்த்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காட்டிவிட வேண்டும். குட்டிக்கு அந்த அவகாசமும் கிடையாது. வாந்தியும் பேதியும் சேர்ந்தால் அந்த மணிநேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.