நூறு ரூபாயின் விலை 48 சேலை

"கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா." சேலைக் கடையில் உட்கார்ந்திருக்கும் யாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கும் வாசகம் இது. ஆயிரம் ரூபாய் பருத்திச் சேலையை விரித்துப் பார்த்து, முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "தொள்ளாயிரம்னா எடுத்துக்கிறேன்" என்கிறார் வாடிக்கையாளர். அவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. கடைக்காரருக்கும் பத்தில் ஒரு பங்குதானா?

மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் சுங்குடியும் சாதாரணப் பருத்திச் சேலையும் விற்கும் சிறிய கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் நடத்துகிறார், உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை நாமே வைத்துக்கொள்ளலாம். சேலையின் அடக்க விலை, வண்டிக்கூலி சேர்த்து, 720 ரூபாய். விற்பது ஆயிரத்துக்கு. ஒரு சேலையில் நிற்பது 280. கடை வாடகை, உதவியாளர் சம்பளம், மின்கட்டணம் என்று மாதச் செலவு 24,000. இந்தச் செலவை ஈடுகட்டவே மாதம் 86 சேலை விற்க வேண்டும். அதற்குப் பிறகு விற்பதில்தான் அவர் வீட்டுக்கு அரிசி பருப்பு.

இப்போது எல்லாருக்கும் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தால்? சேலைக்கு 180 தான் நிற்கும். அதே செலவை ஈடுகட்ட 134 சேலை விற்றாக வேண்டும். அதாவது 48 சேலை கூடுதலாக. விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்; லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பேரம் பேசும் கடைக்காரர் மனதில் ஓட வேண்டிய எண் ஆயிரம் அல்ல, 280. கேட்கிற தொகையை அந்த 280-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே நிற்பது, எங்கே இறங்குவது என்று தெரியும்.

நிற்பது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வதல்ல. பல கடைகளில் வியாபாரம் கெடுவது விலையால் அல்ல, மறுக்கிற விதத்தால். "கட்டாதுங்க" என்று சொல்லிக்கொண்டே சேலையை மடிக்க ஆரம்பித்தால், 'நீங்கள் வாங்கப்போவதில்லை, கிளம்பலாம்' என்று கை சொல்லிவிடுகிறது. சேலை விரித்தபடியே இருக்கட்டும். அது வாடிக்கையாளரின் மடியில் இருக்கும்வரை பேச்சு முடியவில்லை.

இன்னொரு பழக்கம், "அசலே தொள்ளாயிரத்து ஐம்பதுக்கா, எனக்கு அம்பது ரூபாகூட நிக்கல" என்று அடக்க விலையை ஏற்றிச் சொல்வது. வாய்க்கு எளிதாக வரும். ஆனால் ஐந்து நிமிடம் கழித்து 930-க்கு இறங்கினால், நட்டத்துக்கு விற்கிறார் என்று யாரும் நம்பமாட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கடையில் சொல்கிற எந்த விலையும் வெறும் ஆரம்பப் பேச்சுதான். அடக்க விலை கடைக்காரரின் சொந்த விஷயம். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பொய்யாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சொல்ல வேண்டியது சரக்கைப் பற்றி. "பக்கத்துக் கடையில அறுநூறுக்குக் கொடுக்கிறாங்களே" என்பது பேரத்தில் வரும் அடுத்த அஸ்திரம். பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. சுங்குடியில் பல தரம் உண்டு. துணியைக் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பது ஒரு வகை. அதே புள்ளியை அச்சில் போடுவது இன்னொரு வகை. முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஓரம் சற்றுக் கலங்கியிருக்கும். இஸ்திரி போடாத துணியில் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். அச்சுப் புள்ளி அளவெடுத்தாற்போல் ஒரே சீராக இருக்கும். அச்சுச் சேலையிலும் நூலின் நெருக்கம், சாயத்தின் தரம், சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்று விலை மாறும். பக்கத்துக் கடையைக் குறை சொல்லாமல், "இருக்கும்க்கா, அந்த விலையிலயும் சரக்கு வருது. நம்மகிட்டயும் அறுநூறுக்கு இருக்கு, பாருங்க" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் போதும். வித்தியாசம் தெரிந்தவர் ஆயிரத்துக்கு எடுப்பார். தெரியாதவர், அல்லது தெரிந்தும் தேவைப்படாதவர், அறுநூறுக்கு எடுப்பார். இரண்டிலும் கடைக்கு நட்டமில்லை. ஆயிரம் ரூபாய் சேலையின் விலையும் இறங்கவில்லை.

இனி, இறங்குவதற்கு வருவோம். பேரத்தில் மிகவும் நியாயமாகத் தோன்றும் யோசனை, "உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவுல முடிச்சுக்குவோம்" என்பது. கூச்சப்பட்டு 900 கேட்டவருக்கு நடு 950. துணிந்து 600 கேட்டவருக்கு நடு 800. நாசூக்காகக் கேட்டவர் கூடுதலாகக் கொடுக்கிறார், அடித்துக் கேட்டவர் குறைவாகக் கொடுக்கிறார். நடுவை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர் வாடிக்கையாளர்தான். அதனால் இறங்குவதானால் கேட்கிற விலையிலிருந்து நடுவைத் தேடாமல், தன் 280-லிருந்து எவ்வளவு விட முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இறங்கும் படிகளும் பேசும். ஆயிரம், 950, 900 என்று ஒரே அளவில் இறங்கினால், அடுத்த படி 850 என்று எவரும் ஊகிப்பார்கள். ஆயிரம், 970, 960 என்றால் அடி தட்டிவிட்டது என்று சொல்லாமலே புரியும். கேட்ட மாத்திரத்தில் "சரி எடுத்துக்கோங்க" என்பதும் நல்லதல்ல. வாங்கியவருக்குச் சந்தோஷம் வராது. 'இன்னும் கேட்டிருக்கலாமோ' என்ற எண்ணம்தான் வீடுவரை போகும்.

அதைவிட நல்ல வழி, ரூபாயைத் தொடாமல் கொடுப்பது. காய்கறிக்காரர் நிறுவையில் ஒரு கிராம்கூட விடமாட்டார், கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார். சேலைக் கடையின் கறிவேப்பிலை, ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பது. வாடிக்கையாளர் தனியாகத் தையல்காரரிடம் போனால் துணியும் கூலியும் சேர்த்து 130 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் துணியை மொத்தமாக வாங்கி, தெருவில் தைக்கும் அக்காவிடம் மாதக் கணக்கில் கொடுக்கும் கடைக்கு அது 70 ரூபாயில் முடியும். நூறு ரூபாய் குறைத்தால் வாடிக்கையாளருக்கு நூறு கிடைக்கும், கடைக்கு நூறு போகும். ஃபால்ஸ் அடித்துக் கொடுத்தால் அவருக்கு 130 கிடைக்கும், கடைக்கு 70 போகும். சேலையின் விலை ஆயிரமாகவே நிற்கும் என்பது அதைவிடப் பெரிய லாபம். அடுத்த தீபாவளிக்கு அதே அக்கா வரும்போது அவர் நினைவில் இருப்பது 900 அல்ல. தைத்த சேலையை வாங்க இன்னொரு தடவை கடைக்கு வருவார் என்பது கூடுதல் வரவு.

பணமாகவே குறைத்தாக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, எண்ணிக்கை. "ரெண்டா எடுத்தா நூறு குறைச்சுக்கிறேன்க்கா" என்றால் கடைக்கு நிற்பது 560-ல் 460. ஒரு சேலை மட்டும் விற்றிருந்தால் 280 தான். விரித்துக் காட்டிய நேரம் ஒன்றே. இங்கே குறைப்புக்குப் பதிலாக ஒன்று கைக்கு வருகிறது. வெறுமனே கேட்டதற்காகப் போகவில்லை.

இரண்டாவது, தேங்கிய சரக்கு. எட்டு மாதமாக அலமாரியில் கிடந்து மடிப்பு வரியில் நிறம் சற்று மங்கத் தொடங்கிய சேலையை ஒருவர் 850-க்குக் கேட்கிறார் என்றால், அது பேரம் அல்ல, உதவி. நிற்பது 130 தான். ஆனால் முடங்கிய 720 ரூபாய் கைக்கு வருகிறது. அந்தப் பணத்தில் ஓடுகிற நிறத்தில் ஒரு சேலை எடுத்துப் போட்டால் இரண்டு மாதத்தில் 280 கொண்டுவரும். 150 ரூபாயை விடக்கூடாது என்று பிடித்துவைத்தால், அதைவிடப் பெரிய தொகையை அலமாரி தின்னும். அதற்காக இந்தத் தயவைப் புதுச் சரக்குக்குக் காட்டக்கூடாது. தேங்கியதைத் தனி அடுக்கில் வைத்து, "இது மட்டும் இந்த விலைக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் குழப்பம் வராது.

மூன்றாவது, பில்லின் கடைசிச் சில்லறை. 2,140 வந்த பில்லில் "நாப்பதை விடுங்க" என்று கேட்காதவர் குறைவு. முன்பே ஐம்பது குறைத்திருந்தாலும் இதைக் கேட்பார்கள். அதனால் கொடுக்க நினைத்திருப்பதைப் பேச்சின் நடுவில் கொடுத்துத் தீர்க்காமல், இந்தக் கடைசிக் கேள்விக்கென்று கொஞ்சம் கையில் வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

போணி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. காலையில் வரும் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற நம்பிக்கை வியாபாரிகளுக்கு உண்டு. அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அதற்காகவே கடை திறக்கும் நேரம் பார்த்து வந்து, "போணி பண்றேன், பார்த்துக் கொடுங்க" என்பவர்கள் உண்டு. நம்பிக்கையை விட வேண்டியதில்லை. போணிக்கு இருபது ரூபாய், அல்லது ஒரு ரவிக்கைத் துணி என்று முன்கூட்டியே ஓர் எல்லை வைத்துக்கொண்டால், நம்பிக்கையும் இருக்கும், 280-ம் இருக்கும்.

குறைக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. கடையில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு நூறு குறைத்தால், அது நானூறு. பேசாமல் ஆயிரம் கொடுத்துவிட்டுப் பையோடு நிற்பவர் அங்கே இருந்தால் இன்னும் மோசம். அவர் திரும்ப வரமாட்டார். படியிறங்கிப் போகிறவரைக் கூப்பிட்டு விலை குறைப்பதும் இதே வகை. எல்லாரும் படிவரை நடந்துபார்க்க வேண்டும் என்று தெரு முழுவதும் கற்றுக்கொள்ளும். "சரிக்கா, சுத்திப் பாருங்க. பிடிச்சதுன்னா வாங்க, இதை எடுத்து வைக்கிறேன்" என்று அனுப்புவதே மரியாதை. அப்படிப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தால் அதே ஆயிரம்தான். போனபோது ஒரு விலை, வந்தபோது ஒரு விலை என்று இருக்கக்கூடாது, ஏற்றியும் சரி, இறக்கியும் சரி.

கடையில் உதவிக்கு இருப்பவருக்கும் எல்லை தெரிந்திருக்க வேண்டும். முப்பது ரூபாய் வரை அவரே விடலாம், அதற்கு மேல் முதலாளியைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்தால், யாரிடம் கேட்டால் குறையும் என்று ஆள் பார்த்துப் பேரம் பேச முடியாது. விட்ட தொகையை, ஏன் விட்டது என்ற ஒரு சொல்லோடு, பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைப்பதும் நல்லது: இரண்டு சேலை, பழைய சரக்கு, போணி, சில்லறை. மாதக் கடைசியில் கூட்டும்போது, காரணம் எழுத முடியாமல் வெறும் எண்ணாக நிற்கும் தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதம் பிடித்து நிறுத்த வேண்டியது அதைத்தான்.