சட்டையில் சாயக் கறையா? முதலில் வகையைக் கண்டறியுங்கள்

வீவக புளோக்கில் சாயம் பூசும் நாள்களில் தோள் சுவரிலும் கை படிக்கட்டுக் கைப்பிடியிலும் உரசிவிடுவதுண்டு. ஒரே சட்டையில் பட்டாலும் இரண்டும் வேறு கறைகள். சுவருக்குப் பெரும்பாலும் நீர்ச் சாயம். இரும்புக் கைப்பிடிக்குப் பெரும்பாலும் எண்ணெய்ச் சாயம்.

காய்ந்த கறை எந்த வகை எனத் தெரியவில்லையா? வெள்ளைப் பஞ்சில் ரப்பிங் ஆல்கஹாலை நனைத்து ஒற்றுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நீர்ச் சாயம். ஏறாவிட்டால் எண்ணெய்ச் சாயமாக இருக்கலாம்.

நீர்ச் சாயம் ஈரமாக இருக்கும்போதே துணியின் உட்புறத்திலிருந்து தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் தேயுங்கள். காய்ந்துவிட்டால் அதே ஆல்கஹால் இளக்கும். எண்ணெய்ச் சாயத்தைத் தண்ணீர் அசைக்காது. அடியில் பழைய துணி வைத்து, டர்பன்டைனால் ஒற்றியெடுத்து, பிறகு சோப்பால் அலசுங்கள். அது தீப்பற்றும் திரவம். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளியிருந்து செய்யுங்கள்.

பசைக்கும் இதே கணக்குதான். பிள்ளைகளின் கைவேலைக்கான வெள்ளைப் பசை வெதுவெதுப்பான நீரில் இளகும். சூப்பர் குளூவுக்கு அசிட்டோன் தேவை. ஆனால், அசிட்டேட் துணியையே அசிட்டோன் கரைத்துவிடும். எதையும் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கறை முழுதும் போகும்வரை துணியை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை இறுகிவிடும்.